ஒரு சொல்லும் சேர்க்காமல் வந்த தேங்காய்த் தண்ணீர் ஃபார்வர்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைச் சரிபார்த்துத் தரும் ஒரு சின்னக் குழுவில் நான் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒரு பொது எண் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மக்கள் செய்தியை அந்த எண்ணுக்குத் தட்டிவிடுவார்கள். சிலர் "இது உண்மையா?" என்று கேட்பார்கள். நிறையப் பேர் எதுவும் எழுதுவதில்லை. செய்தி மட்டும் வந்து விழும், அவ்வளவுதான். அப்படி வந்த ஒரு செய்தியை நாங்கள் முதலில் எப்படித் தப்பாகக் கையாண்டோம், பிறகு எப்படித் திருத்திக்கொண்டோம் என்பதை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன். அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

ஒரு திங்கள்கிழமை காலை அது வந்தது. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. ஒரு செய்தி குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்திருந்தால்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைக் காட்டும். செய்தியின் சாரம் இதுதான்: இரண்டு மூன்று மெல்லிய தேங்காய்த் துண்டுகளை ஒரு கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினால் அது காரத்தன்மை கொண்ட நீராக மாறிவிடும். அதைத் தினமும் குடித்தால் எல்லா வகைப் புற்றுநோயும் குணமாகும். கெட்ட செல்களை மட்டும் அழிக்கும், நல்ல செல்களைத் தொடாது. இரத்த அழுத்தத்தையும் சீராக்கும், இரத்தக் கட்டிகளையும் கரைக்கும். கடைசியில், மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே சொல்வதாக ஒரு வரி: இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு அனுப்பினால் குறைந்தது ஓர் உயிராவது காப்பாற்றப்படும். நான் என் பங்கைச் செய்துவிட்டேன், நீங்களும் செய்யுங்கள்.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வணக்கம் இல்லை, கேள்விக்குறி இல்லை, கைகூப்பும் படம்கூட இல்லை.

அன்று காலை வந்த செய்திகளைப் பதிவு செய்தவர் எங்கள் குழுவிலேயே இளையவர். வரும் செய்திகளைப் பதிவு செய்ய நாங்கள் வைத்திருந்த அட்டவணையில் "அனுப்பியவர் கேட்பது என்ன?" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் "கேள்வி இல்லை" என்று எழுதினார். கேள்வி இல்லாதவை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். நேரம் இருந்தால் பார்ப்போம், இல்லையென்றால் இல்லை. மதியம் நான் பட்டியலைப் பார்த்தபோது இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"அக்கா, அவங்க ஒண்ணுமே கேக்கலையே. தெரியாம நம்ம நம்பருக்கு வந்திருக்கலாம். இல்ல, நமக்கும் நல்லது சொல்றதா நெனச்சு அனுப்பியிருக்கலாம். கேக்காத ஆள்கிட்டப் போய் இது பொய்னு சொன்னா, அவங்க நம்புறத நாம குத்திக் காட்டுற மாதிரி ஆயிடாதா?"

அவர் சொன்ன இரண்டுமே நடக்கக்கூடியவைதான். எங்கள் எண்ணைக் குடும்பக் குழு என்று நினைத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஏதோ மருத்துவச் சேவை என்று நினைத்து, "எல்லாருக்கும் சொல்லுங்க" என்ற எண்ணத்தில் அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அனுப்பியவர் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வியையும், செய்தியைச் சரிபார்க்க வேண்டுமா என்ற கேள்வியையும் எங்கள் அட்டவணை ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டது. அங்கேதான் கோளாறு.

ஃபார்வர்டு செய்பவரின் மௌனத்திலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. காரணம் எளிது. அந்தப் பொத்தானை அழுத்தும்போது ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. செய்தியை அழுத்திப் பிடித்து, அம்புக்குறியைத் தொட்டு, பெயரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. முழுதாக நம்புகிறவரும் இதையேதான் செய்கிறார், பாதி நம்புகிறவரும் இதையேதான் செய்கிறார், பயந்துபோய் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறவரும் இதையேதான் செய்கிறார். பெறுகிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். குடும்பக் குழுவில் இது இன்னும் சிக்கல். பெரியவர் ஒருவர் எதுவும் சொல்லாமல் ஒரு செய்தியைப் போட்டால், மற்றவர்கள் அதை அவரே சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "பெரியப்பா அனுப்பியிருக்கார்" என்ற ஒன்றே அதற்குச் சான்றிதழ் ஆகிவிடும். அவர் முழுதாகப் படிக்காமலேகூட அனுப்பியிருக்கலாம்.

ஆகவே அனுப்பியவரை ஒதுக்கி வைத்துவிட்டு, செய்தியைத் தனியாக எடுத்து மேசையில் வைத்தோம். அதை வரிவரியாகப் பிரித்தோம். உண்மை அல்லது பொய் என்று காட்டக்கூடிய வரி எது என்று முதலில் தேடினோம். "அன்பைப் பரப்புங்கள்" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, தேவையும் இல்லை. "தேங்காய் உடம்புக்கு நல்லது" என்று மட்டும் இருந்திருந்தால் அதையும் விட்டிருப்போம். அது பொத்தாம்பொதுவான பேச்சு, வீட்டுக்கு வீடு சொல்வதுதான். இங்கே அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட மருத்துவர் சொன்னார் என்கிறது, எல்லா வகைப் புற்றுநோயையும் குணமாக்கும் என்கிறது, நல்ல செல்களைத் தொடாது என்கிறது. மூன்றும் தெளிவாகச் சரிபார்க்கக்கூடிய கூற்றுகள்.

அடுத்து, இதைப் படிக்கிற ஒருவர் எதையாவது செய்யத் தொடங்குவாரா, எதையாவது நிறுத்துவாரா என்று பார்த்தோம். செய்முறை கொடுத்திருக்கிறது, அளவு கொடுத்திருக்கிறது, தினமும் என்று சொல்லியிருக்கிறது. ஒரு தேங்காயும் வெந்நீரும் இல்லாத வீடு நம் ஊரில் கிடையாது. செலவில்லை, வலியில்லை, பக்கவிளைவில்லை. பக்கத்தில் கீமோதெரபி இருக்கிறது, அதில் செலவு, வலி, முடி கொட்டுதல் எல்லாம் உண்டு. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் செய்தி எதையும் நேரடியாக நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. படிப்பவர் தானே அந்த முடிவுக்கு வந்துவிடுவார். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவாத புற்றுநோய் உள்ளவர்களைப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறையை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இறக்கும் அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். ஆரம்பக் கட்டத்திலேயே சிகிச்சை எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்புள்ள நோய்களில் இந்த நிலை.

இந்த இரண்டையும் பார்த்தவுடனே பதில் தெரிந்துவிட்டது. அனுப்பியவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்தச் செய்தியைச் சரிபார்க்கத்தான் வேண்டும், அதுவும் வரிசையின் முதலில் வைத்து. இளையவரும் அதை ஒத்துக்கொண்டார்.

சரிபார்ப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. இது பழைய செய்தி. 2019இலேயே டாடா நினைவு மருத்துவமனை இதற்கு மறுப்பு வெளியிட்டுவிட்டது. டாக்டர் பட்வே அப்படி எதுவும் சொல்லவில்லை, அவர் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெளிவாகச் சொன்னது. அப்போது அவர் அந்த மருத்துவமனையை நடத்தும் டாடா நினைவு மையத்தின் இயக்குநர். புற்றுநோய் என்றாலே இந்தியாவில் முதலில் நினைவுக்கு வரும் இடம் அது. பெயரைத் திருடியவர் யோசித்துத்தான் திருடியிருக்கிறார்.

செய்திக்குள்ளேயே இன்னொரு தடயம் இருக்கிறது. பழகிய கண்ணுக்கு அதுதான் முதலில் படும். "இரண்டு மூன்று மெல்லிய துண்டுகளை ஒரு கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றுங்கள்." தேங்காயை நம் வீட்டில் துருவுவோம், பல்லுப்பல்லாக நறுக்குவோம், அரைத்துப் பால் எடுப்போம். மெல்லிய வில்லைகளாக வெட்டிக் கோப்பையில் மிதக்க விடுவது எலுமிச்சையை. உண்மையும் அதுதான். இதற்கு முன்னால் இதே செய்தி எலுமிச்சையின் பெயரில் சுற்றியது. அதில் பெய்ஜிங் ராணுவ மருத்துவமனைத் தலைவர் ஒருவரின் பெயர் இருந்தது. அவரும் பத்துப் பேருக்கு அனுப்பச் சொன்னார், ஓர் உயிர் பிழைக்கும் என்றார். அன்னாசிப்பழத்துக்கும் ஒரு பதிப்பு உண்டு. எலும்புக்கூடு ஒன்றுதான். பழத்தையும் மருத்துவரையும் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு மருந்தின் குணம் அதன் பெயரை மாற்றினாலும் ஒட்டிக்கொண்டே வருமென்றால், அந்தக் குணம் பொருளில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது.

காரத்தன்மை என்ற பேச்சும் நிற்காது. இளநீரே லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 5. தேங்காய்த் துண்டைப் போட்டதால் வெந்நீர் காரமாகிவிடாது. அப்படியே ஆனாலும் வயிற்றில் இருக்கும் அமிலம் அதைச் சரிக்கட்டிவிடும். இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு கோப்பை நீரைக் குடித்து அதை நகர்த்த முடியாது.

இவ்வளவும் சரியாகத்தான் செய்தோம். இதற்குப் பிறகுதான் எங்கள் உண்மையான தவறு நடந்தது, அதைச் செய்தது நான்.

திங்கள்கிழமை மாலையே அந்த எண்ணுக்குப் பதில் அனுப்பினேன். "நீங்கள் அனுப்பிய செய்தி பொய்யானது. டாடா நினைவு மருத்துவமனை இதை மறுத்துள்ளது" என்று இரண்டு வரி, கூடவே எங்கள் பழைய கட்டுரையின் இணைப்பு. இரண்டு நீலக் குறிகள் வந்தன. படித்துவிட்டார்கள். பதில் இல்லை. அட்டவணையில் "முடிந்தது" என்று எழுதினேன்.

புதன்கிழமை மதியம் அதே எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. முப்பது வயது இருக்கும் பெண் குரல். பின்னால் மின்விசிறிச் சத்தம்.

"மேடம், நீங்க அனுப்பினதப் படிச்சேன். டாக்டர் சொல்லலன்னு புரிஞ்சிது. ஆனா அம்மா பத்து நாளா குடிச்சிட்டு இருக்காங்க. அத நிறுத்தணுமா வேணாமான்னு அதுல இல்லயே மேடம்."

நான் உடனே கூப்பிட்டுப் பேசினேன். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ மூன்று வாரத்துக்கு ஒரு முறை. மூன்று தடவை முடிந்திருந்தது. மூன்றாவதுக்குப் பிறகு அம்மா ரொம்பவும் ஓய்ந்துபோய்விட்டார், வாயெல்லாம் புண். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா குடும்பக் குழுவில் இந்தச் செய்தியைப் போட்டார். அவரும் எதுவும் எழுதவில்லை. அம்மா அதைப் படித்துவிட்டு மறுநாளே குடிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் செய்தியில் சொன்ன மாதிரி தேங்காய்த் துண்டு போட்ட வெந்நீரை அவர் குடிக்கவில்லை. "தேங்காய்த் தண்ணீர்" என்பதை இளநீர் என்று எடுத்துக்கொண்டு, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வாங்கி, அடுப்பில் சுட வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். நான்காவது கீமோ வெள்ளிக்கிழமை. "இந்தத் தடவ வேணாம், ஒரு மாசம் இதக் குடிச்சுப் பாத்துட்டுப் போலாம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்தப் பெண் எங்களுக்கு எழுதாமல் அனுப்பியதற்குக் காரணம் கேட்டேன். "என்ன கேக்கணும்னே தெரியல மேடம். பொய்யா இருந்தா பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயம். நெசமா இருந்தா அம்மாவ எதுக்குக் கீமோவுக்கு இழுத்துட்டுப் போறேன்னு பயம்."

இதைக் கேட்ட பிறகு என் திங்கள்கிழமைப் பதிலை மறுபடியும் படித்தேன். மருத்துவர் சொன்னாரா என்ற ஒரே கேள்விக்குத்தான் அதில் பதில் இருந்தது. அவர் வீட்டில் இருந்தவை வேறு மூன்று கேள்விகள். இதைக் குடித்தால் நோய் குறையுமா? சிகிச்சையோடு சேர்த்துக் குடித்தால் ஆபத்தா? பெரியப்பாவிடம் எப்படிப் பேசுவது? எங்கள் பழைய கட்டுரை முதலாவதைப் போகிற போக்கில் தொட்டிருந்தது. இரண்டாவது அதில் இல்லவே இல்லை. "இளநீர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று எங்களில் யாருமே அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

ஆகக்கூடும் என்பதுதான் பதில். ஒரு கோப்பை இளநீரில் ஏறக்குறைய 400 முதல் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு இது ஒன்றும் செய்யாது, கூடுதலானது சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் அது இரத்தத்தில் ஏறும். அளவுக்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். கீமோ மருந்துகளில் சில, சிஸ்பிளாட்டின் மாதிரி, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. ஒரே இளநீர் ஒருவருக்குத் தெம்பாகவும் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் இருக்கும். அவரவர் இரத்தப் பரிசோதனைதான் அதைச் சொல்லும். பரிசோதனையைப் பார்க்க வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர். நாங்கள் அதைச் சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது.

அதனால் அந்த அழைப்பில் இரண்டே விஷயம் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் இன்றைக்கே மருத்துவமனை வார்டுக்குப் போன் செய்யுங்கள். அம்மா பத்து நாளாகத் தினமும் இரண்டு இளநீர் குடிக்கிறார், இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறார், கீமோவைத் தள்ளிப்போட நினைக்கிறார், இந்த மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். அடுத்தது, அம்மாவிடம் "அது பொய்" என்று ஆரம்பிக்காதீர்கள். வாய்ப்புண்ணும் அசதியும்தான் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியிருக்கின்றன. அதற்கு மருந்து உண்டு, அதை மருத்துவரிடம் கேட்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

பெரியப்பாவிடம் பேசுவதற்கு ஒரு வழி சொன்னேன். எங்கள் கட்டுரையை அனுப்ப வேண்டாம். யாரோ முகம் தெரியாதவர்கள் தன்னைத் திருத்துவதாக அவருக்குத் தோன்றும். அவர் மதித்த பெயர் டாடா மருத்துவமனை. அந்த மருத்துவமனையே வெளியிட்ட மறுப்பைத் தனியாக, குழுவில் இல்லாமல், அவருக்கு மட்டும் அனுப்பி "பெரியப்பா, இப்படி ஒண்ணு வந்திருக்கு, பாருங்க" என்று கேட்கச் சொன்னேன்.

அந்த வாரமே இன்னொரு ஃபார்வர்டும் சொல்லில்லாமல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒரு வேறுபாடு தெளிவானது, அதனால் அதையும் சொல்கிறேன். முள்சீத்தாப் பழம் கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையானது என்றது அது. இந்த எண்ணை எலுமிச்சைச் செய்திகளிலும் பார்த்திருக்கிறோம். எண் வானத்திலிருந்து விழவில்லை, அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், முள்சீத்தாவின் விதைகளிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம், ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளர்த்த ஒரு வகைக் குடல் புற்றுநோய்ச் செல்களின் மேல், அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியதாக எழுதியிருந்தார்கள். விதை பழமாயிற்று, ஒரு சேர்மம் முழுப் பழமாயிற்று, தட்டு மனித உடம்பாயிற்று, ஒரு மருந்து கீமோ முழுவதும் ஆயிற்று. அப்புறம் பழமே மாறி எலுமிச்சையும் ஆகிவிட்டது. கண்ணாடித் தட்டில் செல்களைக் கொல்லும் பொருட்கள் ஏராளம், உப்பைக் கூடுதலாகக் கொட்டினாலும் செத்துவிடும். உடம்புக்குள் போய், நோயுள்ள இடத்தைச் சேர்ந்து, மற்றவற்றைக் கெடுக்காமல் கொல்கிறதா என்பதுதான் மருந்துக்கான கேள்வி. முள்சீத்தாவுக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. கரீபியன் தீவான குவாடலூப்பில், வழக்கத்துக்கு மாறான ஒரு வகைப் பார்க்கின்சன் நோய்க்கும் இந்தக் குடும்பத்துப் பழங்களையும் இலைக் கஷாயத்தையும் நிறைய உட்கொள்வதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1999இலேயே எழுதியிருக்கிறார்கள்.

தேங்காய்ச் செய்திக்குத் தேவைப்பட்டது ஏற்கெனவே இருந்த பதிலை எடுத்துக் கொடுப்பது. முள்சீத்தாவுக்கு உள்ளே கொஞ்சம் உண்மை கலந்திருந்ததால், உட்கார்ந்து மூலக் கட்டுரை வரை போக வேண்டியிருந்தது. இரண்டு செய்திகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன, இரண்டையும் அனுப்பியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு வேலை என்பதைச் செய்திக்குள் இருந்த கூற்றுகள்தான் சொல்லின.

அட்டவணையை மாற்றினோம். "அனுப்பியவர் கேட்பது என்ன?" என்ற கட்டத்துக்கும் வரிசைக்கும் இப்போது தொடர்பு இல்லை. வரிசையைத் தீர்மானிப்பது செய்தியில் உள்ள கூற்றும், அதைப் படித்து ஒருவர் என்ன செய்வார் என்பதும்தான். புற்றுநோய், சர்க்கரை, சிறுநீரகம், கர்ப்பம், குழந்தை, இந்த ஐந்தில் ஒன்றைத் தொடும் குணமாக்கும் வாக்குறுதி நேராக மேலே போகும். விற்பனைக்கான போன் எண் இருந்தால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்கிறோம். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது, அந்த வகைச் செய்திக்குப் போக வேண்டிய இடம் வேறு. தேங்காய்ச் செய்தியில் யாரும் எதையும் விற்கவில்லை. அதனாலேயே அது நம்பும்படி இருக்கிறது என்று நினைக்கிறேன். காசு கேட்காதவனை நாம் சந்தேகப்படுவதில்லை.

கேள்விக் கட்டம் காலியாக இருந்தால், இப்போது தீர்ப்போடு ஒரு கேள்வியும் போகிறது. அதை எழுத எங்களுக்கு நான்கைந்து முயற்சி ஆயிற்று. "ஏன் அனுப்பினீர்கள்?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கிறது. "நம்புகிறீர்களா?" என்றால் பரீட்சை மாதிரி. கடைசியில் வந்து நின்ற வடிவம் இது:

"வணக்கம். நீங்கள் அனுப்பியதைப் பார்த்தோம். இந்த மருத்துவர் இப்படிச் சொல்லவில்லை, இதனால் புற்றுநோய் குணமாகும் என்பதற்குச் சான்று இல்லை. உங்கள் வீட்டில் யாராவது இதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்களா? சிகிச்சையில் இருக்கிறார்களா? ஆம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், குரல் செய்தியாகவும் அனுப்பலாம்."

தீர்ப்பு முதலில் வருகிறது, ஏனென்றால் பலர் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள். பொய் என்ற சொல் இல்லை. குரல் செய்தி என்று சேர்த்ததற்குக் காரணம் அந்தப் பெண்தான். எழுதச் சொல்லியிருந்தால் அவர் இரண்டாவது முறையும் எழுதியிருக்க மாட்டார்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. நிறையப் பேர் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. இரட்டை அம்புக்குறியையும் முழுதாக நம்ப முடியாது. செய்தியை நகலெடுத்து ஒட்டி அனுப்பினால் அந்தக் குறி மறைந்துவிடும், ஆயிரம் கை மாறியதும் புதிதாக எழுதியது போலத் தெரியும்.

அந்தப் பெண் சனிக்கிழமை மறுபடியும் குரல் செய்தி அனுப்பினார். புதன்கிழமையே வார்டுக்குப் போன் செய்திருக்கிறார். வியாழக்கிழமை வரச் சொல்லி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் சரியான அளவில்தான் இருந்தது. வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க மருந்து கொடுத்தார்கள், வாந்திக்கான மாத்திரையை மாற்றினார்கள். நான்காவது கீமோ வெள்ளிக்கிழமை நடந்தது. தினம் ஒரு இளநீர் குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம், சுட வைக்க வேண்டாம், வாய்ப்புண்ணுக்கு ஆறினதே இதம். பெரியப்பா மருத்துவமனையின் மறுப்பைப் பார்த்துவிட்டார். குழுவில் போட்ட செய்தியை அவர் எடுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ பிடித்து அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவர் அவர்தான்.